முடிவில்லாத மின்தடை ஏணி: எனக்கு 1.618 வருகிறது, விடைக்குறிப்பில் 2.732 இருக்கிறது

பென்னாகரம் பிளஸ் டூ

எல்லோருக்கும் வணக்கம். டெஸ்டில் வந்த ஒரு கணக்கு. படத்தைச் சொல்லிவிடுகிறேன். இடது பக்கம் இரண்டு முனைகள். மேல் முனையிலிருந்து வலப்பக்கமாக ஒரு 1 ஓம், கீழ் முனையிலிருந்தும் ஒரு 1 ஓம். அவை முடியும் இடத்தில் மேலையும் கீழையும் சேர்த்துக் குறுக்கே ஒரு 1 ஓம். அங்கிருந்து மறுபடி மேலே ஒன்று, கீழே ஒன்று, குறுக்கே ஒன்று. இப்படியே முடிவில்லாமல் போகிறது. இடது முனைகளுக்கு நடுவே தொகுபயன் மின்தடை என்ன?

நான் R = 1 + R/(1+R) என்று எழுதி 1.618 போட்டேன். விடைக்குறிப்பில் 2.732 இருக்கிறது. எது சரி?

இன்னும் இரண்டு சந்தேகம். முதல் படியை வெட்டி எடுத்தாலும் மிச்சம் அதே R என்று எல்லோரும் சொல்கிறார்கள். R என்று ஒரு எண் இருக்கிறதா என்றே தெரியாதபோது அதை எப்படி சமன்பாட்டில் வைக்கலாம்? அப்புறம், இருபடிச் சமன்பாட்டில் வரும் மைனஸ் விடையை ஏன் கேள்வி கேட்காமல் அடித்துவிடுகிறோம்?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

தம்பி, முடிவே இல்லாமல் ரெசிஸ்டரை வரிசையாக மாட்டிக்கொண்டே போனால் தடையும் முடிவில்லாமல்தானே போகும்? எங்கள் தோப்பில் போர் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து நீளமாக கேபிள் இழுத்திருக்கிறோம். தூரம் கூடக் கூட வோல்டேஜ் அடிபட்டு மோட்டார் திணறுகிறது. அதுவும் இதுவும் ஒன்றுதானே. அப்படியே என் மோட்டாருக்கு எந்த அளவு கேபிள் போடலாம் என்றும் யாராவது சொன்னால் நல்லது.

கிருஷ்ணகிரி கோச்சிங்

ஐயா, உங்கள் கேபிளில் குறுக்குத் தடை கிடையாது, அதனால் அது வேறு கதை. குறுக்கே ஒவ்வொரு படியிலும் வழி இருப்பதால் கரண்ட் சீக்கிரமே திரும்பிவிடும். எனவே முடிவிலி வராது.

தம்பி, இதற்கு ஒரே சூத்திரம்தான். நேரில் இருப்பது R1, குறுக்கே இருப்பது R2 என்றால்

R = (R1 + √(R1² + 4·R1·R2)) / 2

இரண்டும் 1 என்று போட்டால் 1.618, பொன் விகிதம். எல்லா இடத்திலும் இந்தக் கணக்குக்கு இதுதான் விடை. விடைக்குறிப்பில் அச்சுப்பிழை, விட்டுவிடுங்கள்.

அரூர் பிசிக்ஸ் டீச்சர்

சூத்திரம் சரி. அதில் போட்ட எண் தவறு. விடைக்குறிப்பில் பிழை இல்லை.

1.618 வருவது கீழ்க்கம்பி வெறும் கம்பியாக இருக்கும் ஏணிக்கு. இந்தப் படத்தில் கீழேயும் 1 ஓம் இருக்கிறது. மேல் முனை வழியாக உள்ளே போகும் கரண்ட் முழுவதும் கீழ் முனை வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும், வேறு வாசல் இல்லை. எந்தப் படியை எடுத்துக்கொண்டாலும் மேல் தடையில் வலப்பக்கம் எவ்வளவு போகிறதோ அவ்வளவே கீழ்த் தடையில் இடப்பக்கம் வரும். ஆகவே அந்த இரண்டும் தொடரிணைப்பு போலத்தான் வேலை செய்கின்றன. R1 என்பது 1 அல்ல, 2.

R = 2 + R/(1+R)
R² − 2R − 2 = 0
R = 1 + √3 = 2.732

மாணவர்கள் இங்கே தடுமாறுவது கணக்கில் அல்ல, படத்தில். முதல் குறுக்குத் தடைக்கு வலது ஓரத்தில் பென்சிலால் செங்குத்தாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பது பழைய படம்போலவே தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். குறுக்குத் தடைக்கு இடப்பக்கமே கோடு போட்டுவிட்டால் மிச்சம் வேறு படம். அது குறுக்குத் தடையில் தொடங்கும் ஏணி. அதன் மதிப்பு 2.732-இல் 2 கழித்தது, அதாவது 0.732. கேள்வித்தாளில் ஏணி குறுக்குத் தடையில் தொடங்குவதாகக் கொடுத்தால் இந்த விடைதான் சரி.

பென்னாகரம் பிளஸ் டூ

நன்றி மிஸ். கீழே இருக்கும் தடையைக் கவனிக்காமல் பழக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் இரண்டாவது சந்தேகம் அப்படியே இருக்கிறது. 1 + 2 + 4 + 8 + … என்பதை S என்று வைத்தால் S = 1 + 2S, அதனால் S = −1 என்று வரும். அங்கேயும் "மிச்சம் அதேதான்" என்றுதான் சொல்கிறோம். விடை அபத்தம். இங்கே மட்டும் எப்படி நம்புவது?

கிருஷ்ணகிரி கோச்சிங்

தேர்வில் இரண்டு நிமிடம் இருக்கும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தால் அடுத்த கேள்வி போய்விடும்.

ஓசூர் டெஸ்ட் பெஞ்ச்

தேர்வுக்கு அப்புறம் யோசிக்கலாம் அல்லவா. கேள்வி மிகச் சரியான கேள்வி. வெட்டி ஒட்டும் சமன்பாடு சொல்வது இவ்வளவுதான்: விடை என்று ஒன்று இருந்தால் அது இந்த இரண்டு எண்களில் ஒன்று. இருக்கிறதா என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும். காட்டுவது கடினமில்லை.

ஏணியை n படியோடு நிறுத்துங்கள். கடைசியில் என்ன இருக்கும் என்று தெரியாது. அதனால் இரண்டு கோடிகளை மட்டும் பார்ப்போம். ஒன்று, கடைசி திறந்து கிடக்கிறது. இன்னொன்று, கடைசியில் வெறும் கம்பியால் ஷார்ட் செய்துவிட்டோம்.

திறந்த ஏணி: ஒரு படி என்றால் 1 + 1 + 1 = 3. இரண்டு படி என்றால் 2 + 3/4 = 2.75. மூன்றுக்கு 2.7333. நான்குக்கு 2.7321. ஒவ்வொரு படி சேர்க்கும்போதும் கடைசியில் கரண்டுக்கு ஒரு புது வழி திறக்கிறது, அதனால் மதிப்பு இறங்கிக்கொண்டே வரும்.

ஷார்ட் செய்த ஏணி: ஒரு படி என்றால் குறுக்குத் தடை செத்துவிடும், மிஞ்சுவது 2. அப்புறம் 2 + 2/3 = 2.6667. அப்புறம் 2.7273. நான்காவது 2.7317. இங்கே ஷார்ட்டை ஒவ்வொரு முறையும் தூரத்துக்குத் தள்ளுகிறோம், மதிப்பு ஏறிக்கொண்டே வரும்.

ஒரு சர்க்யூட்டில் ஏற்கெனவே இருக்கும் எந்த ஒரு தடையின் மதிப்பை உயர்த்தினாலும் முனைகளுக்கு நடுவே அளக்கும் மதிப்பு குறையாது. நான்காவது படிக்கு அப்பால் எதை மாட்டினாலும், மீதி ஏணி முழுவதையும் மாட்டினாலும், அது ஷார்ட்டுக்கும் திறந்ததற்கும் நடுவே இருக்கும் ஏதோ ஒரு தடைதான். ஆகவே விடை 2.7317-க்கும் 2.7321-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. படி கூடக் கூட இடைவெளி சுருங்கி இல்லாமலே போகிறது. 1 + 2 + 4 + … கூட்டலில் இப்படி மேலும் கீழும் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை, அது ஓடிவிடுகிறது. வித்தியாசம் அங்கேதான்.

எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதும் கையில் இருக்கிறது. முடிவில்லாத ஏணியில் முதல் படியைத் தாண்டும்போது வோல்டேஜ் (R − 2)/R மடங்காகிறது, அதாவது 0.268. ஏறக்குறைய கால்வாசிதான் அடுத்த படிக்குப் போகிறது. விடையில் இருக்கும் பிழை இதன் வர்க்கமாகக் குறையும், படிக்கு சுமார் 14-இல் ஒரு பங்கு. ஏன் வர்க்கம்? கடைசியில் நாம் செய்யும் மாற்றத்தை அங்கே போய்ச் சேரும் வோல்டேஜ் ஒரு முறை சிறுக்க வைக்கிறது. அதன் விளைவு திரும்பி முன்முனைக்கு வரும்போது இன்னொரு முறை சிறுக்கிறது.

பென்னாகரம் பிளஸ் டூ

இப்போது புரிகிறது அண்ணா. இதை லேபில் அளந்து காட்ட முடியுமா?

ஓசூர் டெஸ்ட் பெஞ்ச்

தாராளமாக. பிரெட்போர்டு, ஒன்பது 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர் போதும். 1 ஓம் ரெசிஸ்டர் வேண்டாம். மீட்டர் கம்பியின் தடையும் பிரெட்போர்டு தொடர்பின் தடையும் சேர்ந்து அளவையே குழப்பிவிடும். 1 கிலோவில் அவை கண்ணுக்குத் தெரியாது.

மூன்று படி கட்டி, கடைசியைத் திறந்து வைத்து அளந்தால் 2.733 கிலோ ஓம் வர வேண்டும். உண்மையான முடிவிலிக்கு 2.732. தங்க நிறப் பட்டை போட்ட ரெசிஸ்டர் என்றால் ஒவ்வொன்றும் 5 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். அதனால் 2.70 என்றோ 2.77 என்றோ காட்டினாலும் பதற வேண்டாம். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் போட்டால் கிட்டத்தில் வரும். ஆனாலும் மூன்று படி ஏணியையும் முடிவில்லாத ஏணியையும் உங்கள் மீட்டரால் பிரித்துச் சொல்ல முடியாது. நான்காவது படியைச் சேர்த்தால் அளவு நகரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள்.

மீட்டர் 0.733 கிலோ என்று காட்டினால் ரெசிஸ்டர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஏணியை வால் பக்கத்திலிருந்து, குறுக்குத் தடை இருக்கும் முனையில் அளக்கிறீர்கள். டீச்சர் சொன்ன 0.732-இன் அண்ணன் அது. 2 கிலோ என்று வந்தால் முதல் குறுக்குத் தடையின் இரண்டு காலும் பிரெட்போர்டில் ஒரே வரிசையில் விழுந்து ஷார்ட் ஆகியிருக்கும். பெரும்பாலும் இந்தத் தவறுதான் நடக்கும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒரே ஒரு படி மட்டும் கட்டி, அதன் கடைசியில் குறுக்குத் தடையோடு சேர்த்து ஒரு 2.7 கிலோ ரெசிஸ்டரை மாட்டுங்கள். சிவப்பு, ஊதா, சிவப்பு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மதிப்பு. கணக்குப்படி 2 + 2.7/3.7 = 2.7297. முடிவிலி ஏணியின் இடத்தில் அதே மதிப்புள்ள ஒரு தடையை வைத்துவிட்டால் முன்முனைக்கு வித்தியாசம் தெரியாது. R-2R ஏணி என்று டிஜிட்டல் எண்ணை வோல்டேஜாக மாற்றும் சர்க்யூட் ஒன்று உண்டு. அதில் கடைசியில் ஒரு 2R போட்டு முடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஒவ்வொரு கணுவிலிருந்தும் பார்த்தால் மிச்சம் ஒரே மாதிரி தெரிய வேண்டும்.

கிருஷ்ணகிரி கோச்சிங்

R1 = 2 என்று எடுத்தால் என் சூத்திரத்திலும் 1 + √3 வருகிறது, போட்டுப் பார்த்துவிட்டேன். சரி, மைனஸ் விடைக்கு வருவோம். 1 − √3 = −0.732. மின்தடை மைனஸ் ஆகாது. அடித்துவிட வேண்டியதுதான். இதில் என்ன பெரிய ரகசியம்?

அரூர் பிசிக்ஸ் டீச்சர்

அடிப்பது சரி. ஆனால் அந்த எண்ணைப் பாருங்கள், 0.732 என்று நாம் ஏற்கெனவே பார்த்த எண் மைனஸ் குறியோடு வந்து நிற்கிறது. அது தற்செயல் இல்லை. நம் சமன்பாட்டுக்கு ஏணி வலப்பக்கம் போகிறதா இடப்பக்கம் போகிறதா என்று தெரியாது. ஒரு படியைத் தாண்டினாலும் வோல்டேஜுக்கும் வலப்பக்கம் ஓடும் கரண்டுக்கும் உள்ள விகிதம் மாறக் கூடாது என்பது மட்டும்தான் அதற்குக் கொடுத்த நிபந்தனை. ஏணி இடப்பக்கமாக முடிவில்லாமல் நீண்டிருந்தாலும் அந்த நிபந்தனை நிறைவேறும். அப்படி நீளும் ஏணியை வலது முனையிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது குறுக்குத் தடை, ஆகவே 0.732. அங்கே கரண்ட் போகும் திசை எதிர். அதனால் மைனஸ்.

கேள்வியில் ஏணி வலப்பக்கம் போகிறது. அதனால் அந்த விடை நம் கேள்விக்கு உரியதில்லை. மின்தடை மைனஸ் ஆகாது என்ற ஒற்றை வரியை விட இது எனக்குப் பிடித்த காரணம்.

ஓசூர் டெஸ்ட் பெஞ்ச்

மிஸ் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஏணியின் கடைசியில் −0.73 ஓம் இருப்பதாக வைத்துக்கொண்டு (ஆப்-ஆம்பால் அப்படி நடிக்க வைக்கலாம்) கணக்கை ஒவ்வொரு படியாக முன்னால் கொண்டு வாருங்கள்.

−0.73 → −0.704 → −0.375 → 1.4 → 2.583 → 2.721

−0.732-க்கு மிக அருகில் தொடங்கினோம். ஆனாலும் ஐந்தே படியில் 2.732-இன் வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே பிழை படிக்கு 14-இல் ஒரு பங்காகக் குறைந்தது, இங்கே அதே 14 மடங்காகப் பெருகுகிறது. உச்சியில் நிறுத்திய கோலிக்குண்டு மாதிரி, கொஞ்சம் பிசகினால் உருண்டுவிடும்.

மொரப்பூர் சிக்னல் (ஓய்வு)

ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். இரண்டு பக்கமும் தடை, குறுக்கே தடை என்று படித்ததும் எனக்கு டிராக் சர்க்யூட்தான் ஞாபகம் வந்தது. இரண்டு தண்டவாளம்தான் மேல் கம்பியும் கீழ்க் கம்பியும். ஒரு முனையில் சிறிய வோல்டேஜ் கொடுப்போம், மறுமுனையில் ரிலே இருக்கும். ரயில் வந்து சக்கரமும் அச்சும் தண்டவாளங்களை ஷார்ட் செய்தால் ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். ஸ்லீப்பர் வழியாகவும் ஜல்லி வழியாகவும் கொஞ்சம் கரண்ட் குறுக்கே கசிந்துகொண்டே இருக்கும். அதுதான் உங்கள் குறுக்குத் தடை. மழை பெய்தால், ஜல்லியில் மண் அடைத்திருந்தால், கசிவு கூடி ரயில் இல்லாமலே ரிலே விழுந்துவிடும்.

என் கேள்வி: இங்கே தனித்தனி ரெசிஸ்டர் இல்லையே. தண்டவாளம் முழுக்கத் தடை, ஜல்லி முழுக்கக் கசிவு. ஒரு படி என்று எதை எடுப்பீர்கள்? 1 மீட்டரா, 100 மீட்டரா?

ஓசூர் டெஸ்ட் பெஞ்ச்

ஐயா, அருமையான உதாரணம். கணக்குக்காக ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு தண்டவாளமும் சேர்த்து 0.5 ஓம், ஈரத்தில் கிலோமீட்டருக்குக் கசிவுத் தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்கிறேன்.

100 மீட்டரை ஒரு படியாக எடுத்தால் R1 = 0.05. கசிவு பத்தில் ஒரு பங்கு என்பதால் R2 = 20. சூத்திரத்தில் போட்டால் 1.025 ஓம். 10 மீட்டர் படி என்றால் R1 = 0.005, R2 = 200, விடை 1.0025. 1 மீட்டர் என்றால் 1.00025. படியைச் சிறிதாக்கச் சிறிதாக்க R1 குறைகிறது, அதே அளவுக்கு R2 ஏறுகிறது, பெருக்கல் 1 ஆகவே நிற்கிறது. ஆகவே விடை √(R1·R2), சரியாக 1 ஓமில் போய் நிற்கும். எங்கே வெட்டுகிறோம் என்பது பொருட்டே இல்லை. காய்ந்த நாளில் கசிவுத் தடை 50 ஓம் ஆகிவிட்டால் அதே பாதை 5 ஓமாகத் தெரியும்.

வோல்டேஜ் சரியும் தூரம் √(R2/R1) படிகள். ஒரு கிலோமீட்டரையே படியாக வைத்து R1 = 0.5, R2 = 2 என்று போட்டால் ஈரத்தில் அது 2 கிலோமீட்டர். முடிவில்லாத பாதையாக இருந்தால் ஒவ்வொரு 2 கிலோமீட்டருக்கும் வோல்டேஜ் 37 சதவீதமாக இறங்கும்.

மொரப்பூர் சிக்னல் (ஓய்வு)

தம்பி, கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் எங்கள் பாதை முடிவில்லாதது அல்ல. இன்சுலேட்டட் ஜாயின்ட் போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்திருப்போம். உங்கள் 2 கிலோமீட்டரை விடக் குறைவான நீளம் நிறைய உண்டு. கடைசியில் ரிலே உட்கார்ந்திருக்கிறது. மழைக்கு ரிலே விழக் கூடாது என்று ஃபீட் வோல்டேஜைக் கூட்டினால், காய்ந்த நாளில் ரயில் ஏறினாலும் ரிலே விழாமல் நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. ஈரத்துக்கு ஒரு கணக்கு, காய்ச்சலுக்கு ஒரு கணக்கு, இரண்டுக்கும் நடுவில் ஒரே அமைப்பு வேண்டும்.

ஓசூர் டெஸ்ட் பெஞ்ச்

ஒப்புக்கொள்கிறேன். மூன்று படியிலேயே முடிவிலி வந்துவிட்டதற்குக் காரணம் அங்கே ஒரு படிக்கு வோல்டேஜ் கால்வாசியானது. நீங்கள் சொல்லும் குட்டையான பாதையில் வோல்டேஜ் அந்த அளவு சரிவதற்குள் பாதையே முடிந்துவிடுகிறது. அதனால் கடைசியில் இருப்பது ரிலேயா, ஷார்ட்டா என்று முன்முனைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தால்தானே ரயிலைக் கண்டுபிடிக்க முடியும். அங்கே முடிவில்லாத ஏணிச் சூத்திரம் போதாது. ரிலேயின் தடையைக் கடைசியில் வைத்துப் படிப்படியாக முன்னால் கொண்டு வர வேண்டும். ஃபீட் வோல்டேஜை எங்கே நிறுத்துவது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் அனுபவம்தான் சொல்ல வேண்டும்.

பென்னாகரம் பிளஸ் டூ

அப்படியென்றால் ஒரு கேள்வி. முடிவே இல்லாமல் நீளும் ஏணியிலும் கடைசி தெரிவதற்கு வாய்ப்பு உண்டா?

அரூர் பிசிக்ஸ் டீச்சர்

உண்டு. படிகள் ஒரே மாதிரி இல்லாவிட்டால். கீழ்க்கம்பியை வெறும் கம்பியாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே 1, 1/2, 1/4, 1/8 என்று பாதி பாதியாகக் குறையட்டும். குறுக்கே 1, 2, 4, 8 என்று இரட்டிக்கட்டும். நேர்த்தடை மொத்தமே 2 ஓம்தான், கசிவும் அதேபோல் ஒரு எல்லைக்குள். கடைசியைத் திறந்து வைத்துப் படிகளைக் கூட்டிக்கொண்டே போனால் 1.61 அருகில் போய் நிற்கும். ஷார்ட் செய்து கூட்டினால் 1.47 அருகில் நின்றுவிடும். எத்தனை படி சேர்த்தாலும் இடைவெளி மூடாது. அங்கே "முடிவில்லாத ஏணியின் மின்தடை" என்றால் எது என்று கேட்பவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் டெஸ்ட் கணக்கில் எல்லாப் படியும் ஒன்றாக இருந்ததால் தப்பித்தோம்.

குறுக்குத் தடைகளை மட்டும் எல்லாம் 1 ஓம் என்று மாற்றி, மேலே பாதி பாதியாகவே விட்டால் இடைவெளி மூடுமா என்று போட்டுப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி கோச்சிங்

எனக்கு மூடும் என்று தோன்றுகிறது. கசிவு நிற்காமல் சேர்ந்துகொண்டே போகிறதே. இரண்டு பக்கமும் எண் போட்டு நாளைக்கு எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

எல்லாம் சரி, என் மோட்டார் கேபிளுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

மொரப்பூர் சிக்னல் (ஓய்வு)

மோட்டார் எத்தனை எச்.பி., சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, பெட்டியிலிருந்து போர் எவ்வளவு தூரம், போருக்குள் எவ்வளவு ஆழம்? இதைத் தனியாக ஒரு கேள்வியாகப் போடுங்கள், அங்கே பேசலாம்.